நாலு பிழைதான், ஆனாலும் பெயில்

“அண்ணை, திருகோணமலையில எட்டு வருசம் கார் ஓடினனான். போன கிழமை லண்டனில ரெஸ்ட். மொத்தம் நாலே நாலு பிழை. 15 வரைக்கும் விடுவினம் எண்டுதானே சொன்னவை, பிறகேன் பெயில்?”

தம்பி, 15 வரைக்கும் விடுறது சின்னப் பிழையளுக்கு மட்டும்தான். பாரிய பிழை, ஆபத்தான பிழை எண்டு வேற ரெண்டு இருக்கு. அதில எது ஒண்டு விழுந்தாலும் மிச்சத்தைக் கூட்டிப் பார்க்கிற வேலையே இல்லை. உங்கட நாலில ஒண்டு அப்பிடி இருந்திருக்கும். ரிசல்ட் ஈமெயிலைத் திறந்து முதல்ல அதைத் தேடுங்கோ.

பிழையின்ர பேர் ஒண்டாயிருந்தாலும் அது எந்த வகைக்குள்ள விழும் எண்டதை அந்த நேரத்து நிலைமைதான் தீர்மானிக்கும். என்ர முதல் ரெஸ்டையே சொல்லுறன். சின்ன றோட்டால வந்து பெரிய றோட்டுக்கு ஏறவேணும். வலப்பக்கம் நிப்பாட்டியிருந்த வான் ஒண்டு மறைச்சுக்கொண்டு நிண்டது. எங்கட திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில செய்யிற மாதிரி மூக்கை மெல்ல வெளியில நீட்டினன், வாறவன் விலத்திப் போவான் எண்ட நினைப்பு. வந்த கார் விலத்தேல்லை, பிரேக் அடிச்சது. சந்தியில அவதானிக்கேல்லை எண்டு பாரிய பிழை. அதோட சின்னப் பிழை மூண்டு. பெயில்.

அதே இடத்தில ஒரு வாகனமும் வராமல், நான் பார்த்த விதம் மட்டும் கொஞ்சம் குறைஞ்சிருந்தா சின்னப் பிழையோட போயிருக்கும். எக்ஸாமினர் தன்ர பக்கத்துப் பிரேக்கை மிதிச்சுக் காரை நிப்பாட்டவேண்டி வந்திருந்தா அது ஆபத்தான பிழை. கோட்டைப் பக்கம் மான் குறுக்கால வந்தா நாங்கள் எவ்வளவு பொறுமையா நிக்கிறம், காருக்கு மட்டும் அந்தப் பொறுமை எங்களிட்ட இல்லை.

இன்னுமொண்டு. 15ஐ நம்பி ஒரே பிழையைத் திருப்பித் திருப்பி விடாதேங்கோ. ஒவ்வொருக்காவும் கண்ணாடி பார்க்காமல் சிக்னல் போட்டா, தனித்தனியாச் சின்னதுதான். ஆனா அது உங்கட பழக்கம் எண்டு எக்ஸாமினருக்குப் பட்டா அதையே பாரிய பிழையாக்கலாம். எத்தினை தரம் எண்டு கணக்கு வைக்காதேங்கோ, அது அவரின்ர தீர்ப்பு.

என்னோட படிச்ச மூதூர்ப் பெடியன் 11 சின்னப் பிழையோட பாஸ். கோபம் வந்தது, உண்மையைச் சொன்னா. அவன் றவுண்டபவுட்டில யோசிச்சு யோசிச்சு நிண்டு பிழை வாங்கினவன், ஆனா ஒருத்தரையும் பிரேக் அடிக்க வைக்கேல்லை.

திரும்ப எடுக்கிறதுக்கு இடையில குறைஞ்சது 10 வேலைநாள் இருக்கவேணும். அதுக்குள்ள பழக்கிறவரிட்டச் சொல்லி, ஒரு 40 நிமிசம் வாய் திறக்காமல் பக்கத்தில இருந்து மார்க் போடச் சொல்லுங்கோ. கடைசியில எத்தினை பிழை எண்டு கேக்காதேங்கோ. எந்த இடத்தில அவரின்ர கால் பிரேக்குக்குப் போனது எண்டு மட்டும் கேளுங்கோ.