மாதக் கட்டுக்குள் ஒளிந்திருக்கும் வட்டி: காப்புறுதிக் கேள்வி பதில்

சாவகச்சேரி ஆசிரியை: ஆயுள் காப்புறுதிக்கு வருசத்துக்கு ஒருக்காக் கட்டினால் 60,000 ரூபா, மாதம் மாதம் எண்டால் 5,300. வித்தியாசம் 6 வீதம்தான் எண்டு முகவர் தம்பி சொல்லுறார். சரியோ?

அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை. பன்னிரண்டு தரம் 5,300 கட்டினால் 63,600. கூடுதல் 3,600, அது 60,000இல் 6 வீதம். ஆனால் அது வட்டி வீதம் அல்ல. 60,000 ரூபாவை முழு வருசமும் நீங்கள் கடனாக வைத்திருந்தால்தான் 6 வீதம் என்று சொல்லலாம்.

முதல் நாளை மட்டும் எடுத்துப் பாருங்கள். வருசக் கட்டு என்றால் அன்றைக்கே 60,000 போகும். மாதக் கட்டு என்றால் அன்றைக்கே 5,300 போகும். ஆகவே நிறுவனம் உங்களுக்கு விட்டுவைத்த கடன் 54,700 தான். அதுவும் மாதத்துக்கு மாதம் கரைந்துகொண்டு போகிறது. பதினோராவது தவணைக்குப் பிறகு உங்கள் கையில் நிற்கும் கடன் ஐயாயிரத்துச் சொச்சம் மட்டும். சராசரியாகப் பார்த்தால் அரைவாசிக் கடனுக்குத்தான் அந்த 3,600ஐக் கொடுக்கிறீர்கள்.

கைக்கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. கூடுதல் தொகையை இரண்டால் பெருக்கி, முதல் நாள் கடனால் பிரியுங்கள். 7,200ஐ 54,700ஆல் பிரித்தால் 13.2 வீதம். கணினியில் திருத்தமாகப் போட்டால் 12.9 வரும். கைபேசியில் போடுகிற கணக்குக்கு இந்த நெருக்கம் காணும்.

அந்த வீதத்தை உங்கள் வைப்புக்குக் கையில் வரும் வட்டியோடு ஒப்பிடுங்கள், வரி பிடித்த பிறகு வருவதோடு. நிலையான வைப்புக்கு 8 வீதம் என்றால், 10 வீத நிறுத்திவைத்தல் வரி போக மிஞ்சுவது 7.2. வங்கியில் 60,000 சும்மா கிடக்குமானால், அதை எடுத்து வருசக் கட்டாகக் கட்டுவதுதான் இலாபம்.

கோண்டாவில், கணக்காளர்: எக்செலில் 12 தவணை, 5,300, 60,000 எண்டு போட்டன். 10.9 வீதம்தான் வருகுது. உங்கட 12.9 எங்கயிருந்து வந்தது?

தவணை மாத முடிவில் கட்டப்படுகிறது என்று எக்செல் தானாகவே எடுத்துக்கொள்ளும். காப்புறுதியில் முதல் தவணை முதல் நாளே போய்விடும். அதைச் சொல்லக் கடைசியில் ஒரு 1 போட வேண்டும். இரண்டு வழியிலும் எழுதலாம், விடை ஒன்றே.

```
=RATE(12,-5300,60000,0,1)*12
=RATE(11,-5300,54700)*12
```

இரண்டாவது வரி கடனை வெளிப்படையாகக் காட்டுவதால் எனக்கு அதுதான் பிடிக்கும். மாத வீதம் 1.078 அளவில் வரும். இரண்டாவது மாதம் நீங்கள் கட்டும் 5,300இல் சுமார் 589 ரூபா வட்டி, மிச்சம் 4,711 கடனைக் குறைக்கிறது. கடைசித் தவணையில் வட்டி 57 ரூபா அளவுதான். வட்டிக்கு வட்டியும் சேர்த்து வருசத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் 13.7 வீதம்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நல்லூர்: இவ்வளவு கணக்கு எதற்கு? கூடுதல் காசு ஆகக் குறைவான முறையை எடுத்தால் முடிந்தது. எனக்கு அரையாண்டுக் கட்டு 30,900, காலாண்டுக் கட்டு 15,600. வருசத்துக்கு 60,000. அரையாண்டுதான் மலிவு.

கையை விட்டுப் போகும் ரூபாவைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி ஐயா. அரையாண்டில் கூடுதல் 1,800, காலாண்டில் 2,400. கடனின் விலையைப் பார்த்தால் அது தலைகீழாகிறது. அரையாண்டில் 29,100 ரூபாவை ஆறு மாதம் வைத்திருந்து 1,800 கொடுக்கிறீர்கள். அது வருசத்துக்கு 12.4 வீதம். காலாண்டில் முதல் நாள் கடன் 44,400. மேலே சொன்ன இரண்டால் பெருக்கும் வழி இதற்கும் பொருந்தும்: 4,800ஐ 44,400ஆல் பிரித்தால் 10.8 வீதம். காசு கையில் இருப்பவருக்கு இரண்டும் வேண்டாம், வருசக் கட்டே நல்லது. பிரித்துக் கட்டித்தான் ஆக வேண்டும் என்பவருக்கு உங்கள் கொட்டேசனில் காலாண்டுதான் மலிவான கடன்.

வான் ஓட்டுநர், பருத்தித்துறை: வாகனக் காப்புறுதி 96,000. நாலு தரமாக 25,000 கட்டச் சொல்லுகினம், முதலாவது இப்ப, மிச்சம் அடுத்த மூண்டு மாதமும். நாலாயிரம்தானே கூட, பரவாயில்லையோ அண்ணை?

கவனம் தம்பி, இதுதான் இங்கே ஆகக் கூடின வட்டி. முதல் நாள் கடன் 71,000, அதை மூன்றே மாதத்தில் கட்டி முடிக்கிறீர்கள். தவணைகள் வருசம் முழுக்கப் பரவாததால் இரண்டால் பெருக்கும் வழி இங்கே சரிவராது. கூடுதலை 24ஆல் பெருக்குங்கள். பிறகு, முதல் நாளுக்குப் பின் மிச்சமிருக்கும் தவணைகளோடு ஒன்றைக் கூட்டி, அதைக் கடனால் பெருக்கிப் பிரியுங்கள். 4,000ஐ 24ஆல் பெருக்கினால் 96,000, 71,000ஐ 4ஆல் பெருக்கினால் 2,84,000. முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் 33.8 வீதம். திருத்தமான கணக்கு 33.5.

கையெழுத்து வைக்க முன் இன்னொன்றையும் கேளுங்கள்: நடுவில் வாகனம் முழுச்சேதமானால் மிச்சத் தவணைகளை இழப்பீட்டில் கழிப்பார்களா? வாகனக் காப்புறுதியில் அது வழக்கம்.

அதே ஓட்டுநர்: அப்ப மனிசியின்ர சங்கிலியை அடகு வச்சு ஒரேயடியாக் கட்டவோ?

33 வீதத்தோடு பார்த்தால், அடகு வட்டி அதற்குக் கீழே இருக்கும் மட்டும், ஓம். ஆனால் மூன்று மாதத்திலேயே மீட்க வேண்டும். அடகில் ஆட்கள் ஏமாறுவது வீதத்தில் அல்ல, காலத்தில். மேலே ஆசிரியையின் கணக்கில் வந்த 54,700ஐ, ஒரு பேச்சுக்கு 12 வீதத்தில் அடகெடுத்து, வருச முடிவில் ஒரே முறையாக மீட்டால் வட்டி 6,564. மாதக் கட்டின் கூடுதலோ 3,600 தான். வீதம் குறைவு, கொடுக்கும் காசு கூட. அடகுக் கடனின் முதல் தொகையை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட அந்த அடகுக் கிளை விடுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

திருநெல்வேலி, குடும்பத் தலைவி: நானும் பொலிசியில 80,000 கடன் எடுத்தனான். அந்த வட்டியும் இப்பிடி ஒளிஞ்சதோ?

இல்லை அக்கா, அது வேறு. பொலிசியை இடையில் கைவிட்டால் கிடைக்கும் சரண்பெறுமதியை ஈடாக வைத்து எடுத்த கடன், வீதம் கடன் கடிதத்திலேயே எழுதியிருக்கும். கட்டாமல் விட்டால் வட்டி முதலோடு சேர்ந்து சரண்பெறுமதியைத் தின்னும், பொலிசியே முடிந்துபோகலாம். நிலுவை எவ்வளவு என்று கடிதம் மூலம் கேட்டு வாங்கி வையுங்கள்.

கொக்குவில், காப்புறுதி முகவர்: முழுக்க வட்டி எண்டு சொல்லுறது நியாயமில்லை. பன்னிரண்டு தரம் காசு சேர்க்கிற செலவு இருக்கு. மூண்டாம் மாதம் ஆள் செத்தால் மிச்சத் தவணை எங்களுக்கு வராது.

முதலாவதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டுபவரின் பக்கம் பார்த்தால் அதுவும் அவர் கொடுக்கும் விலைதான். நிலையியல் கட்டளை மூலம் வங்கியிலிருந்து தானாகப் போகும் கட்டுக்குக் கூடுதலைக் குறைப்பார்களா என்று கேட்கலாம்.

இரண்டாவது பொலிசியைப் பொறுத்தது. சில பொலிசிகளில் அந்த வருசத்தின் மிச்சத் தவணைகளை இறப்புத் தொகையில் கழித்துக்கொள்வார்கள். அப்படியானால் நிறுவனம் எதையும் இழக்கவில்லை, கூடுதலின் பெரும்பங்கு வட்டிதான். கழிக்காத பொலிசியில் அந்தக் கூடுதலின் ஒரு பகுதி உண்மையான பாதுகாப்புக்குப் போகிறது, முதலில் கேட்ட ஆசிரியையின் 12.9 கொஞ்சம் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது வயதைப் பொறுத்தது. முப்பது வயதில் மிகச் சொற்பம், அறுபதில் அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் நிறுவனத்தின் பொலிசியில் எந்த வாசகம் இருக்கிறது தம்பி?