இலவச மருத்துவ முகாமுக்குப் போகலாமா?

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட்ல ஞாயித்துக்கிழமை ஃப்ரீ ஹெல்த் செக்கப் கேம்ப். போன் நம்பர், ஆதார் எல்லாம் கேக்கறாங்க. போன தடவை போனவங்களுக்கு பேக்கேஜ் எடுங்கன்னு ஓயாம போன் வருது. போகலாமா?

போங்கள். பி.பி.யும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தில் பெயரையும் வயதையும் மட்டும் எழுதுங்கள். நான் மூன்று வருடம் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன், அதனால் சொல்கிறேன்.

ஒரு தனியார் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். ஞாயிறு என்றால் கேம்ப்தான். மடக்கு மேசை, பேனர், பி.பி. கருவி, குளுக்கோமீட்டர், எடை மிஷின், எல்லாமே ஒரு ஆம்னி வேனில் அடங்கிவிடும். ஒரு ஆளுக்கு ஆகும் ஸ்ட்ரிப் செலவு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. சாயங்காலம் திரும்பியதும் மேனேஜர் முதலில் கேட்பது, "எத்தனை ஃபார்ம்?"

அந்த ஃபார்மில் ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் உண்டு. இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்பது, ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னால் யார் பணம் கட்டுவார்கள் என்று பார்க்க. வேலை என்ன என்பது, எந்த விலை பேக்கேஜைச் சொல்லலாம் என்று தீர்மானிக்க. இதிலெல்லாம் கெட்டிக்காரக் கட்டம் 'அவசரத் தொடர்பு எண்'. பி.பி. பார்க்கிற இடத்தில் என்ன அவசரம் வந்துவிடப்போகிறது? வயதானவர்கள் அதில் மகன் எண்ணையோ மகள் எண்ணையோ எழுதுவார்கள். பணம் கட்டப்போவது அவர்கள்தானே. திங்கட்கிழமை காலையில் எல்லாம் எக்ஸெலில் ஏறிவிடும். மதியத்துக்குள் டெலிகாலர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த வேலையை விட்டு நாலு வருடம் கழித்து, அதே கட்டத்திலிருந்து எனக்கே போன் வந்தது.

"சார், உங்க மதர் எங்க கேம்ப்ல எலும்பு டென்சிட்டி பார்த்தாங்க. எலும்பு தேய்மானம் ஸ்டார்ட் ஆயிருக்கு. உடனே கவனிக்கணும்."

அம்மாவுக்கு 61 வயது. ஊரில் கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமுக்குப் பக்கத்து வீட்டு அக்காவோடு போயிருக்கிறார். குதிகாலில் ஜெல் தடவி ஒரு பெட்டிக்குள் காலை வைக்கச் சொன்னார்களாம். சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டை போட்ட ஒரு காகிதம் வந்தது. அம்மாவுக்கு மஞ்சள், டி-ஸ்கோர் -1.9.

டி-ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளவயதுக்காரர்களின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். அப்படி ஒப்பிட்டால் அறுபதைத் தொட்ட பெண்களில் நிறையப் பேருக்கு மைனஸில்தான் வரும். -1 முதல் -2.5 வரை இருந்தால் எலும்பு அடர்த்தி குறைவு, -2.5-உம் அதற்குக் கீழேயும் இருந்தால்தான் எலும்புப்புரை. உலக சுகாதார அமைப்பின் இந்த வரையறைகூட இடுப்பிலும் முதுகெலும்பிலும் எக்ஸ்ரே மூலம் எடுக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கானது. முகாமுக்குத் தூக்கி வருவது அல்ட்ராசவுண்ட் பெட்டி. மேற்கொண்டு பார்க்கலாமா என்று யோசிக்க வேண்டுமானால் அது உதவும். அதன் எண்ணை டெக்ஸா அளவுகோலில் வைத்து 'தேய்மானம்' என்று நோயாகச் சொல்லக் கூடாது. கேம்புக்கு அந்தப் பெட்டியை விரும்பி எடுத்துப் போவதன் காரணம், வரிசையில் நிற்கும் பாதிப் பேருக்கு மஞ்சள் வந்துவிடும் என்பதுதான். நாங்களும் எடுத்துப் போயிருக்கிறோம்.

சர்க்கரையிலும் இப்படித்தான். பொங்கல் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 160 காட்டினால் 'பார்டர்லைன்' என்று எழுதிவிடுவார்கள். சர்க்கரை நோய் என்று முடிவுசெய்ய, பொதுவாக வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 6.5-ஓ அதற்கு மேலோ வர வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் இன்னொரு முறையும் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

சரி, பேக்கேஜுக்கு வருகிறேன். 8,500 ரூபாயை அடித்துவிட்டு 2,999 என்று போட்டு வாட்ஸ்அப்பில் வந்தது. '84 டெஸ்ட்.' பேனாவை எடுத்துக்கொண்டு எண்ணினேன். ரத்த அணுக்கள் 24, சிறுநீர் 18, கல்லீரல் 12, கொழுப்பு 9. நாலு பரிசோதனையிலேயே 63 வந்துவிட்டது. அதில் சில, மிஷின் ஒரு எண்ணை இன்னொன்றால் வகுத்துத் தானே போடும் விகிதங்கள். இன்னும் வேடிக்கை, எலும்பு என்று சொல்லிக் கூப்பிட்டவர்களின் பட்டியலில் டெக்ஸா இல்லை. ரத்தக் கால்சியம் இருந்தது. எலும்புப்புரை உள்ளவர்களுக்கே ரத்தக் கால்சியம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

84 பார்த்தால் 84-உம் நார்மலாக வராது. ரிப்போர்ட்டில் உள்ள 'நார்மல் ரேஞ்ச்' பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரின் மதிப்பை வைத்துப் போடுவது. அப்படியென்றால் எந்தக் குறையும் இல்லாத ஒருவருக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றைக் காட்டி டாக்டர் கன்சல்டேஷன், அங்கிருந்து ஸ்கேன், அப்புறம் மறுபடியும் ரத்தம். முகாமை நடத்தும் ஆஸ்பத்திரிக்கு இதில்தான் காசு.

எல்லா முகாமையும் சொல்லவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்களைப் பாருங்கள். கண்ணில் புரை இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் இலவசமாக ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். கண்டுபிடித்ததற்கு அவர்களிடமே சிகிச்சை இருக்கிறது, அதற்குக் காசும் கேட்பதில்லை. உங்கள் அபார்ட்மெண்ட் முகாமில் இதையே கேட்டுப் பாருங்கள்: "ஏதாவது தெரிந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?" பதில் ஒரு கூப்பனாக இருந்தால் புரிந்துகொள்ளலாம்.

ஆதார் கேட்டால் கொடுக்காதீர்கள். பி.பி. பார்க்க ஆதார் எதற்கு? போனில் ஓ.டி.பி. வரும், சொல்லுங்கள் என்றால் அது எதற்கான ஓ.டி.பி. என்று மெசேஜைப் படியுங்கள். சில இடங்களில் அரசின் 'ஆபா' டிஜிட்டல் சுகாதார எண்ணை உருவாக்கிவிடுகிறார்கள். அது கட்டாயமில்லை, வேண்டுமென்றால் வீட்டிலேயே நீங்களாக எடுத்துக்கொள்ளலாம். ரிசல்ட்டைக் காகிதத்தில் எழுதி அங்கேயே வாங்கிவிடுங்கள். 'வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்' என்பது நம்பர் வாங்க ஒரு வழி. கையெழுத்துக் கோட்டுக்கு மேலே பொடி எழுத்தில் 'நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் என்னைத் தொடர்புகொள்ள அனுமதிக்கிறேன்' என்று இருக்கும், அதைப் பேனாவால் அடித்துவிடுங்கள். ஏனென்றால் அந்தச் சம்மதத்தைக் காட்டி, விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டி.என்.டி. பதிவு இருந்தாலும் கூப்பிடலாம் என்பார்கள்.

ஏற்கெனவே நம்பர் கொடுத்தவர்கள், சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், என் விவரங்களை அழித்துவிடுங்கள் என்று எழுத்தில் அனுப்பலாம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் கடமைகள் முழுதாக அமலாக 2027 ஆகும். அதுவரை கைகொடுப்பது, தொல்லை அழைப்புகளுக்கான 1909 என்ற எண்ணில் புகார். கூப்பிட்ட எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு, சில நாட்களுக்குள் போட்டுவிட வேண்டும்.

அம்மாவை எங்கள் குடும்ப டாக்டரிடம் கூட்டிப் போனேன். மஞ்சள் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, விழுந்து எலும்பு முறிந்ததுண்டா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீர்களா, உங்கள் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை. 65-இல் ஒரு டெக்ஸா எடுக்கலாம், இப்போது தினமும் நடங்கள் என்றார்.

எனக்கு வந்த போன்கள் மூன்றாவது புகாருக்குப் பிறகு நின்றன. அம்மாவுக்கு இப்போது அவர் கேள்விப்பட்டிராத ஒரு கிளினிக்கிலிருந்து வருகிறது. மூட்டு வலிக்காம்.