ஸ்ட்ரெட்ச் லேஸ் மெஷினுக்குள் இழுபடுகிறது

"ஸ்ட்ரெட்ச் லேஸ் ஓரத்தில் தைக்க ஆரம்பித்ததுமே துணி ஊசி ஓட்டைக்குள் போய்ச் சிக்குது, இழுத்தா நூல் பிரியுது. என்ன பண்ண?"

லேஸுக்கு அடியில் இரண்டு அங்குல அகல டிஷ்யூ பேப்பர் பட்டையை வைத்து, இரண்டையும் சேர்த்தே தையுங்கள். பட்டை துணிக்கு முன்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கட்டும், தையலை அந்தப் பேப்பரில் ஆரம்பித்தால் துணியின் முனை ஓட்டைக்குள் போக வழியே இல்லை.

ஊசியும் காரணமாக இருக்கலாம். முனை மழுங்கியிருந்தால் லேஸைக் குத்தாமல் கீழே தள்ளும். புது 75/11 ஸ்ட்ரெட்ச் ஊசி போட்டு, அகலம் 0.5, நீளம் 2.5 என்று குறுகிய ஜிக்ஜாக்கில் ஒரு துண்டுத் துணியில் தைத்து, இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்தால் அகலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். அப்புறம் 3 மி.மீ. தள்ளி இன்னொரு வரிசை ஓட்டி, மிச்சத்தை வெட்டிவிட்டால் போதும், லேஸ் ஓரம் பெரும்பாலும் பிரியாது. பேப்பரைக் கிழிக்கும்போது தையலை விரலால் அழுத்திப் பிடியுங்கள்.

சம்கித் துணிக்கு இது மட்டும் போதாது: தையல் கோட்டில் வரும் சம்கிகளை முதலில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊசி உடையலாம்.