புரோப் தெர்மாமீட்டரும் பதிவேடும்: சமையல்கூடக் கேள்விகளுக்குப் பதில்கள்

காரைக்குடி, மெஸ் நடத்துபவர்: ஐஸ் தண்ணீரில் வைத்தால் 3 டிகிரி காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா அண்ணே?

அநேகமாக ஐஸ் போதவில்லை. டம்ளர் தண்ணீரில் நாலு கட்டியை மிதக்கவிட்டால் மேலே மட்டும்தான் நன்றாகக் குளிரும். 4 டிகிரியில் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம் என்பதால் அந்தத் தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிடும். உங்கள் முனை அங்கேதான் நிற்கிறது. ஐஸை நுணுக்கி டம்ளர் நிறையப் போடுங்கள். இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குடிதண்ணீர் ஊற்றிக் கலக்கி, சில நிமிடம் விடுங்கள். முனை அடியையும் பக்கத்தையும் தொடாமல் நடுவில் இருக்கட்டும். எண் அசையாமல் நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள். 0-க்கு மேலோ கீழோ 1 டிகிரிக்குள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மீன் பெட்டி ஐஸ் மட்டும் வேண்டாம். அதில் உப்பு சேர்ந்திருந்தால் நல்ல மீட்டரும் 0-க்குக் கீழே காட்டும்.

தேவகோட்டை, கல்யாணச் சமையல் எடுப்பவர்: கொதிக்கிற தண்ணீரில் 100 வந்தால் மீட்டர் சரி. அப்புறம் ஐஸ் எதற்கு?

பாதி சரி. சூடான பக்கத்துக்கு அது நல்ல சோதனைதான். நம் ஊர் கடல் மட்டத்தைவிட அதிகம் உயரமில்லை, அதனால் 100-ஐ ஒட்டியே கொதிக்கும். கொடைக்கானலில் வேலை எடுத்தால் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அங்கே 100-ஐ எதிர்பார்த்தால் நல்ல மீட்டரைத் தூக்கிப் போடுவீர்கள். ஃப்ரிட்ஜில் நீங்கள் காக்கவேண்டிய எல்லை 5 டிகிரி. அதற்குப் பக்கத்தில் இருக்கும் சோதனை ஐஸ்தான். இரண்டையும் செய்யுங்கள்.

கானாடுகாத்தான், ஹோட்டல் கிச்சன் பொறுப்பாளர்: போன திங்கள் ஐஸில் சரியாக இருந்தது. இந்தத் திங்கள் 1.8, கொதிநீரில் 101.5. இடைப்பட்ட பதிவுகளில் 1.8-ஐக் கழித்துத் திருத்திவிடலாமா?

எழுதியதில் கை வைக்காதீர்கள். உங்கள் மீட்டர் இரண்டு முனையிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூட்டிக் காட்டுகிறது. ஆனால் எந்த நாளில் மாறியது என்று தெரியாது. அதனால் கடைசியாகச் சரியாக இருந்த திங்களுக்குப் பிறகு எழுதிய எல்லாமே சந்தேகத்துக்குரியவை. பதிவேட்டில் இன்றைய தேதியில், மீட்டர் எண்ணோடு அதை அப்படியே எழுதுங்கள்.

அடுத்து, எந்தப் பதிவு உண்மையில் ஆபத்தானது என்று பாருங்கள். ஃப்ரிட்ஜில் 5.6 என்று இருந்தால் நிஜத்தில் 3.8 ஆக இருந்திருக்கும், அதில் பயமில்லை. பரிமாறும் இடத்தில் சாம்பார் 66.2 என்று இருந்தால் நிஜத்தில் 64.4, அதாவது சூடாக வைக்கவேண்டிய 65-க்குக் கீழே. கூட்டிக் காட்டும் மீட்டர் சூடான உணவில் ஏமாற்றும், குறைத்துக் காட்டுவது குளிர்ந்த உணவில் ஏமாற்றும். 65-லிருந்து 66.8-க்குள் இருந்த சூட்டுப் பதிவுகளைத் தனியே குறித்து, அந்த உணவு எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, மிச்சம் என்ன ஆனது என்று பக்கத்தில் எழுதுங்கள். மிச்சம் இன்னும் ஃப்ரிட்ஜில் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

டயல் மீட்டரானால் முகத்துக்குக் கீழே உள்ள நட்டைத் திருப்பி, ஐஸில் வைத்தபடியே 0-க்குக் கொண்டுவரலாம். டிஜிட்டலில் அந்த வசதி இல்லையென்றால் ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள். மனக்கணக்கில் கழித்து ஓட்டினால், இரவு ஷிப்ட் ஆள் ஒருநாள் மறப்பார்.

புதுக்கோட்டை ரோடு, பேக்கரி: எங்கள் பதிவேடு ஒரு நாள் விடாமல் 4.0 தான். அப்படியும் ஆபீசர் நம்பவில்லை. ஃப்ரிட்ஜை மாற்றச் சொல்கிறாரா?

ஃப்ரிட்ஜைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அந்த 4.0-தான் அவர் சந்தேகம். கத்திரி வெயிலில் கதவைத் திறந்து மூடுகிற ஃப்ரிட்ஜ் 3.4, 4.6, சரக்கு வந்த அன்று 6.1 என்று ஏறி இறங்கும். கதவு டிஸ்ப்ளேவைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது உள்ளே இருக்கும் காற்றின் சூடு. உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில் வைத்து அதில் புரோப்பை விட்டுப் பாருங்கள், உணவுக்கு நெருக்கமான எண் கிடைக்கும். 11:07-க்குப் பார்த்தால் 11:07 என்றே எழுதுங்கள். 6.1 வந்தால் மறைக்காமல், என்ன செய்தீர்கள், மறுபடி எப்போது எவ்வளவு வந்தது என்று சேர்த்து எழுதுங்கள். தப்பாகிவிட்டால் ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து, வொயிட்னர் கூடாது. ஒரு வாரமும் ஒரே பேனாவில், ஒரே கையில் இருந்தால் எந்த ஆபீசரும் சனிக்கிழமை உட்கார்ந்து எழுதியது என்றுதான் நினைப்பார்.

தேவகோட்டைக்காரர் மறுபடி: என்.ஏ.பி.எல். அங்கீகார லேபில் வருஷத்துக்கு ஒரு சான்றிதழ் வாங்குகிறேன். வாராவாரம் ஐஸ் வேண்டுமா?

சான்றிதழ் லேபில் சோதித்த அன்றைய நிலையைச் சொல்லும். உங்கள் மீட்டர் வேனில் அண்டாக்களோடு உருண்டு போகிறது. கீழே விழுந்தால் அன்றே ஐஸில் பாருங்கள். மற்றபடி ஹோட்டலுக்கு வாரம் ஒருமுறை என்பது என் வழக்கம். கானாடுகாத்தான் பொறுப்பாளரோ இனி தினமும் பார்க்கப்போவதாகச் சொல்கிறார். அப்படிச் செய்தால் சந்தேகத்துக்குரிய பதிவு ஒரு நாளோடு நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. ஊர் ஊராகப் போகும் உங்களுக்கு அதுவே பொருந்தலாம். ஒவ்வொரு பந்திக்கும் முன் ஐஸ் நுணுக்க ஆள் இருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.