சீராய்வு மனுவா, மேல்முறையீடா?

"என் நில வழக்கில் பிராதைத் திருத்தக் கேட்ட மனுவை முன்சீப் கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது. அப்பீல் போகலாமா, ரிவிஷனா?"

அப்பீல் போக முடியாது. சட்டம் அனுமதித்த உத்தரவுகளுக்கே அப்பீல் உண்டு. இடைக்கால உத்தரவுகளில் எவற்றுக்கு என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 43இல் இருக்கிறது. பிராதைத் திருத்தும் மனு அதில் இல்லை.

அதே சட்டத்தின் பிரிவு 115இல் ரிவிஷன், அதாவது சீராய்வு மனு, போடுவதும் கடினம். கீழே தள்ளுபடியான மனு ஏற்கப்பட்டிருந்தால் வழக்கே முடிந்திருக்கும் என்றால்தான், 2002 முதல், அந்த ரிவிஷன் செல்லும். உங்கள் மனு ஏற்கப்பட்டிருந்தாலும் வழக்கு தொடர்ந்திருக்குமே. அதனால் அதற்குப் பதிலாக அரசியலமைப்பின் 227ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடுங்கள்.

அப்பீலில் சாட்சியத்தையே மறுபடி எடைபோடுவார்கள். இந்தச் சீராய்வில் அதிகார வரம்பு மீறலோ, வெளிப்படையான சட்டப் பிழையோ இருக்கிறதா என்றே பார்ப்பார்கள். அப்புறம், தடையாணையும் கேளுங்கள். இல்லாவிட்டால் கீழே விசாரணை நடந்துகொண்டே இருக்கும்.