10% பிளாட்டா, 15% ரெட்யூசிங்கா: ஸ்டேட்மென்ட்டை வைத்து உண்மையான வட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: ஒரு இடத்தில் 10% பிளாட் ரேட் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 15% ரெட்யூசிங் பேலன்ஸ் என்கிறார்கள். 10 தானே குறைவு? கையில் ஸ்டேட்மென்ட் இருந்தால் உண்மையான வட்டியை நாமே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்:

இரண்டு ஆண்டுக் கடனாக இருந்தால் 15% ரெட்யூசிங்தான் மலிவு. ஸ்டேட்மென்ட் இருந்தால் உண்மையான விகிதத்தை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். என் தங்கை வண்டி வாங்க எடுத்த கடனுக்கு நான் உட்கார்ந்து போட்ட கணக்கையே இங்கே தருகிறேன்.

கடன் 1,20,000. வட்டி 10% பிளாட், 24 மாதத் தவணை. ரெட்யூசிங் என்றால் அந்தந்த மாதம் மிச்சமிருக்கும் பாக்கிக்கு மட்டும்தான் வட்டி. பிளாட் என்றால் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். ஆண்டுக்கு 12,000, இரண்டு ஆண்டுக்கு 24,000. அசலோடு கூட்டி 24-ஆல் வகுத்தால் மாதம் 6,000. கணக்கு இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் கேட்டவுடன் நியாயமாகத் தோன்றுகிறது.

அவளுடைய ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு வரியிலும் அசல் 5,000, வட்டி 1,000 என்று ஒரே மாதிரி இருந்தது. முதல் மாதம் 1,20,000 பாக்கி இருந்தபோதும் வட்டி 1,000. கடைசி மாதம் வெறும் 5,000 பாக்கி இருந்தபோதும் அதே 1,000. அந்தக் கடைசி வரியை மட்டும் தனியாகப் பாருங்கள்: 5,000-க்கு ஒரு மாத வட்டி 1,000, அதாவது மாதத்துக்கு 20 சதவீதம். வட்டிப் பத்தி மேலிருந்து கீழ்வரை மாறாமல் இருந்தால் அது பிளாட். மாதா மாதம் வட்டி குறைந்து அசல் கூடிக்கொண்டே போனால் அது ரெட்யூசிங். ஆனால் சிலர் பிளாட்டில் தவணையை நிர்ணயித்துவிட்டு, ஸ்டேட்மென்ட்டில் மட்டும் குறையும் வட்டியாகப் பிரித்துக் காட்டுவார்கள். அப்படியானால் முதல் மாத வட்டியை அசலால் வகுத்து 12-ஆல் பெருக்குங்கள். சொன்ன விகிதமும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் உடனே தெரிந்துவிடும். (முதல் தவணைக்கு முன் கூடுதல் நாட்கள் இருந்தால் அந்த மாத வட்டி சற்று அதிகமாக இருக்கும், அப்போது இரண்டாவது மாதத்துக்குப் போய், அந்த மாதத் தொடக்கப் பாக்கியால் வகுத்துப் பாருங்கள்.)

உண்மையான விகிதத்துக்கு மூன்று எண்கள் போதும்: எத்தனை தவணை, தவணை எவ்வளவு, கையில் வந்த பணம் எவ்வளவு. ஏதாவது ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து ஒரு கட்டத்தில் இப்படி அடியுங்கள்:

```
=RATE(24,-6000,120000)*12
```

விடை சுமார் 18.16%. தவணைக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள், விட்டால் பிழை காட்டும். 15% ரெட்யூசிங்கில் இதே கடனுக்குத் தவணை சுமார் 5,818 தான் வரும். மொத்த வட்டி 24,000-க்குப் பதில் 19,640 அளவுக்கு நின்றுவிடும்.

கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் நோட்டில் போடலாம். மாதம் 1.5% என்று ஒரு ஊகம் வையுங்கள். 1,20,000-க்கு வட்டி 1,800. அதைக் கூட்டி 6,000-ஐக் கழித்தால் பாக்கி 1,15,800. அதற்கு வட்டி 1,737. கூட்டிக் கழித்தால் 1,11,537. இப்படியே 24 வரி எழுதிக்கொண்டு போனால் கடைசியில் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 261 போய் நிற்கும். அப்படியென்றால் ஊகம் கொஞ்சம் குறைவு, உண்மை 1.5-க்குச் சற்று மேலே இருக்கிறது. கடைசியில் பாக்கி மிஞ்சினால் ஊகம் அதிகம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், ஏனென்றால் வட்டி எங்கிருந்து வருகிறது என்பது வரிக்கு வரி கண்ணில் தெரிகிறது.

பிளாட் விகிதத்தை இரண்டால் பெருக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். இந்தக் கணக்கில் அது 20% தரும், உண்மை 18.16. தோராயமாகப் பார்க்க உதவும், ஆனால் இரண்டு கடன்களை ஒப்பிட அதை நம்பாதீர்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கடன் 1,20,000 என்று தாளில் இருந்தாலும் தங்கையின் கணக்கில் அவ்வளவு வரவில்லை. பிராசசிங் கட்டணம் 2,400, இன்ஷூரன்ஸ் 1,200 என்று பிடித்துக்கொண்டு 1,16,400 தான் போட்டிருந்தார்கள். தவணையோ முழு 1,20,000-க்குத்தான். அதனால் வங்கிக் கணக்கில் அன்று வரவு வைத்த தொகையைத்தான் கடன் தொகையாக எடுக்க வேண்டும்:

```
=RATE(24,-6000,116400)*12
```

விடை 21.3%. வெறும் 3,600 பிடித்ததில் ஆண்டு விகிதம் மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது, ஏனென்றால் அந்தப் பணம் முதல் நாளே போய்விடுகிறது. முதல் தவணையையும் அன்றே பிடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்படியானால் கையில் வருவது 1,10,400, மீதித் தவணை 23. `=RATE(23,-6000,110400)*12` என்று போட்டால் 23 சதவீதத்தைத் தாண்டிவிடும். இன்ஷூரன்ஸ் நீங்களாக விரும்பி எடுத்ததென்றால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். கடனோடு கட்டாயமாகக் கட்டிவிட்டதென்றால் அதுவும் கடனின் விலைதான். தாமதக் கட்டணத்தைச் சேர்க்காதீர்கள், அது வேறு கணக்கு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேலே வந்ததெல்லாம் மாத விகிதத்தை 12-ஆல் பெருக்கியது. கூட்டு வட்டியாகப் பார்த்தால் 21.3% என்பது ஆண்டுக்கு 23.5% ஆகும். இன்னொரு இடத்தில் எந்த முறையில் சொல்கிறார்கள் என்று கேட்டு, இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

ஓராண்டு கழித்து முழுவதையும் அடைத்துவிட தங்கை ஆசைப்பட்டாள். 12 தவணை கட்டியிருந்தாள். கேட்டபோது மீதி 12 தவணையையும் கூட்டி 72,000 கட்டச் சொன்னார்கள். வரப்போகும் மாதங்களின் வட்டியையும் சேர்த்துக் கேட்கிறார்கள் என்றால், முன்கூட்டியே அடைப்பதில் அவளுக்குக் காசு மிச்சமே இல்லை. கட்டணத்தையெல்லாம் விட்டுவிட்டு 18.16% விகிதத்தில் பார்த்தால் அன்றைய நியாயமான பாக்கி சுமார் 65,400. ஸ்டேட்மென்ட்டில் அசல் பாக்கி என்று போட்டிருந்தது 60,000. இதே நிலையில் அந்த 60,000-ஐயும் அதன் மேல் சின்ன அபராதத்தையும் மட்டும் கேட்டால் தயங்காமல் அடைத்துவிடுங்கள், அது உங்களுக்குச் சாதகம். 66,000 வரை கேட்டாலும் ஏற்கலாம். 72,000 என்றால் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே முடிப்பது பற்றிய பத்தியை எடுத்து, மீதி வட்டியைத் தள்ளுபடி செய்யும் முறை ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். தங்கையின் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதா மாதம் தவணையே கட்டட்டும் என்று சொன்னேன், அப்படித்தான் கட்டி முடித்தாள்.