மனைவி வெளிநாட்டில் குடியேற உதவ ஒரு மாத லீவு: கடிதத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: மனைவிக்கு வெளிநாட்டில் வேலை. குழந்தையைக் கொண்டுபோய் விட்டு, வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டுத் திரும்ப ஒரு மாத லீவு வேண்டும். கம்பெனியில் எப்படிக் கேட்பது?

பதில்: நான் திருவொற்றியூர், வேலை மணலியில் ஒரு பிளான்ட்டில். மனைவி நர்ஸ். 2024 பிப்ரவரியில் ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்தார். அவரை வழியனுப்ப மூன்று நாள் லீவு போட்டேன், அதில் சிக்கல் இல்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேரே ஏர்போர்ட். இரண்டு பெட்டிகளை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, மகள் அம்மா மடியில் தூங்க, போய் வந்தோம்.

சிக்கல் நீண்ட லீவில்தான். முதலில் "சொந்த வேலை காரணமாக 45 நாள் விடுப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அதில் "நேரில் பேசவும்" என்று எழுதி வைத்துவிட்டார். இரண்டு வாரம் அப்படியே கிடந்தது. பிறகு ஷிஃப்ட் இன்சார்ஜ் சொன்னார்: "தம்பி, நீ பொண்டாட்டி பின்னாடியே போயிடுவன்னு நினைக்கிறாங்க." அப்போதுதான் புரிந்தது. எத்தனை நாள் என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்விதான். திரும்பி வருவானா என்பதுதான் முதல் கேள்வி, அதற்கு என் கடிதத்தில் ஒரு வரி பதில்கூட இல்லை.

மார்ச் நடுவில் மறுபடி எழுதியது இது:

"என் மனைவி ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறார். வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகாததால் அவரால் நீண்ட லீவு எடுக்க முடியாது. ஜூன் 1 முதல் அவருக்கு வீடு கிடைத்திருக்கிறது. ஆறு வயது மகளை நான் கொண்டுபோய் விட்டு, முகவரிப் பதிவும் பள்ளிச் சேர்க்கையும் முடித்துவிட்டு வர வேண்டும். ஜூன் 3 முதல் ஜூலை 6 வரை, ஞாயிறு நீங்கலாக 30 நாள் விடுப்பு கேட்கிறேன். 22 நாள் ஈட்டிய விடுப்பு, 8 நாள் சம்பளமில்லா விடுப்பு. ஜூலை 8 திங்கள்கிழமை ஏ ஷிஃப்டில் வேலைக்கு வந்துவிடுவேன். வேலையை விடும் எண்ணம் இல்லை. என் ஷிஃப்டைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திட்டுள்ளனர்."

நான்காம் நாள் கையெழுத்தாகி வந்தது.

நாள் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பலர் தவறுவது இங்கேதான். மனைவி கிளம்பும் தேதியிலிருந்து லீவை ஆரம்பித்தால் பாதி நாள் வீணாகும். வீடு இல்லாமல் அங்கே ஒன்றும் நகராது. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். பதிவு அலுவலகத்தில் முன்பதிவு கிடைக்கவே நாளாகும். குழந்தையின் பள்ளிக்கும் அந்தப் பதிவுத் தாளைக் கேட்பார்கள். அதனால் வீட்டுச் சாவி கைக்கு வரும் தேதியை வைத்துத்தான் லீவுத் தேதியை முடிவு செய்தேன். கடைசியில் இரண்டு நாள் கையிருப்பும் வைத்தேன். ஜூலை 6 அதிகாலை இறங்கினால் திங்கள்கிழமைக்குள் உடம்பு பழகிவிடும், விமானம் தாமதமானாலும் சொன்ன வாக்கு தவறாது.

அந்த லீவு உத்தரவு விசாவுக்கும் உதவும். நான் வேலை பார்க்கப் போகவில்லை, 90 நாளுக்குள் திரும்பும் ஷெங்கன் விசாதான். அதற்குச் சம்பளச் சீட்டோடு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை விடுப்பு அனுமதிக்கப்பட்டது என்று கம்பெனி கொடுக்கும் கடிதத்தையும் வைக்க வேண்டும். விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் கொடுக்க வேண்டும், நான் ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டேன். வாயால் "போயிட்டு வாப்பா" என்று சொன்னதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். மகளுக்கு வேறு வகை விசா, மாதக்கணக்கில் இழுக்கும். அதை அம்மாவோடு சேர்த்தே விண்ணப்பித்திருந்தோம். அது கைக்கு வந்த பிறகுதான் இந்தக் கடிதத்தையே எழுதினேன்.

சம்பளமில்லா நாட்களுக்கு நடுவில் வரும் ஞாயிறையும் சில கம்பெனிகள் விடுப்பாகவே பிடிப்பார்கள். டைம் ஆபீசில் முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் இடத்தில் 8 நாளையும் கடைசியில் வைத்தேன், ஒரே ஒரு ஞாயிறுதான் நடுவில் மாட்டியது. இன்னொன்று, பிளான்ட் ஷட்டவுன் தேதியைப் பார்க்காமல் கேட்காதீர்கள். அந்த வாரங்களில் யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள்.

ஒருவேளை நீங்களும் அங்கேயே போய்விடத்தான் நினைக்கிறீர்கள் என்றால், திரும்பி வருவேன் என்ற வரியை எழுதாதீர்கள். லீவில் இருந்துகொண்டே ராஜினாமா மெயில் அனுப்பிய ஒருவரால் எங்கள் செக்‌ஷனில் அடுத்த ஒரு வருடம் யாருக்கும் நீண்ட லீவு கிடைக்கவில்லை. அந்த நிலையில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.